லாட் 24,500, ஸ்டோரில் 17,000: மீதி எங்கே போகிறது?

கேள்வி: கோவையில் ஒரு சின்ன பம்ப் யூனிட். பிளாஸ்டிக் இம்பெல்லரை நாங்களே இன்ஜெக்‌ஷன் மோல்டிங் மெஷினில் ஓட்டிக்கொள்கிறோம். அசெம்பிளிக்கு நாளுக்கு 1,200 வேண்டும். மோல்டு ஏற்றினால் நாளுக்கு 4,000 வரும். வருடத்துக்கு 300 வேலை நாள். மோல்டு மாற்ற ஒரு தடவைக்கு 3,000 ரூபாய், ஒரு பீஸை ஒரு வருடம் வைத்திருக்க 3.60 ரூபாய் என்று கணக்கு வைத்திருக்கிறோம். செலவு மிகக் குறைவாக வரும் லாட் அளவைச் சொல்லும் ஈஓகியூ சூத்திரத்தில் கிட்டத்தட்ட 24,500 வந்தது, அப்படியே ஓட்டுகிறோம். ஆனால் ஸ்டோரில் இருப்பு 17,000 பக்கம் வந்ததும் நின்றுவிடுகிறது, அதற்கு மேல் ஏறுவதே இல்லை. முதலாளி ஸ்டோர்காரரைச் சந்தேகப்படுகிறார். சூத்திரம் தப்பா, எண்ணிக்கை தப்பா? அதே மெஷினில் இன்னும் இரண்டு மோல்டு வேறு ஓடுகிறது.

பதில்:

ஸ்டோர்காரரை விட்டுவிடச் சொல்லுங்கள், அவர் எண்ணிக்கை சரி. சூத்திரமும் தப்பில்லை, அது வேறு இடத்துக்கான சூத்திரம்.

24,500 பீஸ் ஒரே நாளில் உங்கள் ஸ்டோருக்கு வருவதில்லை. ஓட்டி முடிக்கவே ஆறு நாளுக்கு மேல் ஆகிறது. அந்த ஆறு நாளும் அசெம்பிளி சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, தினமும் 1,200 எடுத்துக்கொண்டே இருக்கிறது. ஆக ஒரு நாளில் 4,000 உள்ளே வந்தால் 1,200 வெளியே போகிறது, ஸ்டோரில் நிகரமாகக் கூடுவது 2,800தான். 24,495 பீஸ் ஓட்ட 6.12 நாள். 6.12-ஐ 2,800-ஆல் பெருக்குங்கள், 17,100 சொச்சம் வரும். உங்கள் ஸ்டோர்காரர் சொல்லும் எண் அதுதான். மீதி 7,300 சொச்சம் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பம்புக்குள் போய்விட்டது.

ஃபோர்டு ஹாரிஸ் 1913-இல் எழுதிய ஈஓகியூ சூத்திரம் மொத்த லாட்டும் ஒரே நேரத்தில் கைக்கு வந்துவிடும் என்று வைத்துக்கொள்கிறது. வெளியில் ஆர்டர் போட்டு லாரியில் இறங்கும் சரக்குக்கு அது அப்படியே பொருந்தும். போல்ட்டு, பேரிங், காப்பர் ஒயர் எல்லாம் அந்த வகை. உங்கள் இம்பெல்லர் உள்ளேயே, ஒரு குறிப்பிட்ட வேகத்தில், கொஞ்சம் கொஞ்சமாக உருவாகிறது. இந்த உற்பத்தி வேகத்தைக் கணக்கில் சேர்த்து டாஃப்ட் என்பவர் 1918-இல் சூத்திரத்தைத் திருத்தினார். உங்களுக்கு வேண்டியது அதுதான்:

```
Q = √( 2·D·S / ( h·(1 − d/p) ) )
```

D வருடத் தேவை, 3,60,000. S ஒரு மோல்டு மாற்றத்தின் செலவு, 3,000. h ஒரு பீஸின் வருட இருப்புச் செலவு, 3.60. d நாள் தேவை, 1,200. p நாள் உற்பத்தி, 4,000. புதிதாக வந்திருப்பது (1 − d/p) மட்டும்தான். 1,200-ஐ 4,000-ஆல் வகுத்தால் 0.3, ஒன்றிலிருந்து கழித்தால் 0.7. ஓட்டுகிற ஒவ்வொரு 100 பீஸிலும் 70தான் ஸ்டோரில் குவிகிறது என்று அதற்கு அர்த்தம். குவிவது குறைவு என்பதால் இருப்புச் செலவும் குறைவு. அதனால் லாட்டைக் கொஞ்சம் பெரிதாகவே வைத்துக்கொள்ளலாம்.

போட்டுப் பார்த்தால் 29,277 வருகிறது. ஓட்ட ஏழு நாளும் கொஞ்சமும். அடுத்த தடவை அதே மோல்டை ஏற்ற வேண்டியது, முன்பு ஏற்றிய நாளிலிருந்து 24.4 வேலை நாள் கழித்து. ஸ்டோரின் உச்சம் 20,494, சராசரி அதில் பாதி. வருடத்துக்குப் பன்னிரண்டு மோல்டு மாற்றத்துக்குச் சற்று மேல், அதற்குச் சுமார் 36,900 ரூபாய், இருப்புக்கும் அதே 36,900. மொத்தம் 73,800 அளவில் நிற்கும்.

சரி, இத்தனை நாள் 24,495 ஓட்டியதில் எவ்வளவு நஷ்டம்? அதையும் போட்டுப் பார்த்தேன். மோல்டு மாற்றத்துக்கு 44,100, இருப்புக்கு 30,850, ஆக மொத்தம் 74,950 சொச்சம். வித்தியாசம் வருடத்துக்கு 1,200 ரூபாய்கூட இல்லை. இந்தக் கணக்கின் இயல்பே இதுதான். குறைந்தபட்சப் புள்ளிக்குப் பக்கத்தில் செலவுக்கோடு கிட்டத்தட்டப் படுத்திருக்கும். 20,000 வைத்து ஓட்டினாலும் மொத்தச் செலவு 79,200, அதாவது 7 சதவீதம் கூடுதல். 40,000 வைத்தால் 77,400. பெரிய பக்கம் தவறினால் தண்டனை சின்னது, சின்ன பக்கம் தவறினால் கொஞ்சம் அதிகம். 29,277 என்று ஒற்றை எண் வரை துரத்துவதில் பயனில்லை, 30,000 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய சூத்திரம் உங்களை ஏமாற்றியது லாட் அளவில் இல்லை, மற்ற எதிர்பார்ப்புகளில். அதன்படி வருடச் செலவு 88,200 என்று வந்திருக்கும், ஸ்டோரில் 24,500 பீஸுக்கு இடம் ஒதுக்கியிருப்பீர்கள். கிரேட்டுக்கு 200 பீஸ் என்றால் 123 கிரேட்டுக்கான இடம். உண்மையில் நிரம்பியது 86. திருட்டுச் சந்தேகமும் இங்கிருந்துதான் பிறந்திருக்கிறது.

இந்த 0.7 எப்போது செல்லும் என்பதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. மெஷினிலிருந்து வரும் பீஸ் அன்றைக்கே, அல்லது மறுநாளே, அசெம்பிளிக்குப் போக வேண்டும். உங்கள் ஸ்டோர் 17,000-இல் நிற்பதைப் பார்த்தால் உங்களிடம் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் நிறைய இடங்களில் கியூசி ஆட்கள் “லாட் முழுக்க முடியட்டும், சாம்பிள் எடுத்துப் பார்த்து மொத்தமாக ரிலீஸ் பண்ணுகிறோம்” என்பார்கள். அப்படிச் செய்தால் கணக்கே தலைகீழாகும். ஓடிக்கொண்டிருக்கும் லாட் மோல்டிங் ஷாப்பில் குவிகிறது. அதே நேரத்தில் அசெம்பிளிக்குத் தீனி போடப் பழைய லாட்டின் இருப்பும் ஸ்டோரில் இருக்க வேண்டும். இரண்டு குவியலையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் (1 − d/p) இருந்த இடத்தில் (1 + d/p) வந்து உட்காரும். உங்கள் எண்களில் 0.7 போய் 1.3.

அப்போது சரியான லாட் 21,483 ஆகச் சுருங்கும், வருடச் செலவு 1,00,500-க்கு ஏறும். மெஷின் அதே, மோல்டு அதே, தேவை அதே. ரிலீஸ் செய்யும் பழக்கம் ஒன்று மட்டும் வருடத்துக்கு ஏறக்குறைய 27,000 ரூபாய் தின்கிறது. லாட் அளவைத் திருத்தி மிச்சம் பிடித்த 1,200 ரூபாயோடு இதை வைத்துப் பாருங்கள். ஈஓகியூ பற்றிப் பேசுபவர்கள் பலர் இந்த இடத்தைக் கண்டுகொள்வதே இல்லை என்பது எனக்கு ஆச்சரியம்தான்.

மொத்தமாக ரிலீஸ் செய்கிற இடத்தில் இன்னொரு பொறியும் உண்டு. மோல்டு ஏற்றும் நாளில் கையில் எதுவும் இல்லாவிட்டால் அசெம்பிளி ஐந்து நாளுக்கு மேல் நிற்கும். 21,483 ஓட்ட 5.4 நாள், அதற்குள் 6,400-க்கு மேல் பீஸ் தேவைப்படும், அவ்வளவு முன்கூட்டியே கையிருப்பில் வேண்டும். ஒவ்வொரு ஷிஃப்ட்டின் பீஸையும் தனி சப்-லாட்டாகக் கட்டி, தனி டேக் போட்டு, தனித்தனியாக ரிலீஸ் செய்தால் இந்தத் தொல்லை பெருமளவு போய்விடும். மோல்டிங் ஆன பீஸ் அளவில் நிலைப்பதற்காக ஒரு நாள் காக்க வைத்துவிட்டுத்தான் அளப்போம் என்றால் அது வேறு விஷயம், பயப்பட வேண்டாம். ஒவ்வொரு பீஸும் ஒரு நாள் காத்திருப்பதால் சராசரியாக 1,200 பீஸ் கூடுதலாகக் கிடக்கும். லாட் எவ்வளவாக இருந்தாலும் அது அதே 1,200தான், சரியான லாட் அளவை அது மாற்றாது. ஓட்டத்தை ஒரு நாள் முன்னதாகத் தொடங்கினால் போதும்.

அடுத்து, நீங்கள் கொடுத்த எண்களைக் கொஞ்சம் கிண்டிப் பார்க்க வேண்டும். சூத்திரத்தை எக்செல்லில் அடிப்பது ஒரு நிமிட வேலை, S என்பதற்குள் என்ன போட்டிருக்கிறோம் என்பதுதான் சண்டை. உங்கள் 3,000 ரூபாயில் பர்ஜ் பண்ணிக் கொட்டும் மெட்டீரியல், முதல் சில ஷாட்டுகளின் ரிஜெக்ட், ஓவர்டைம் கொடுத்தால் செட்டருக்கான ஓவர்டைம் ஆகியவை இருக்கலாம், இருக்கவும் வேண்டும். அவை மோல்டு மாற்றினால் மட்டும் செலவாகிற பணம். ஆனால் அக்கவுண்ட்ஸில் “மெஷின் ஹவர் ரேட்” என்று ஒன்று வைத்திருப்பார்கள், நான்கு மணி நேரம் மெஷின் நின்றதற்கு மணிக்கு 400 வீதம் 1,600 ரூபாயை இதற்குள் ஏற்றியிருப்பார்கள். மெஷினுக்கு ஓய்வு நேரம் மிச்சமிருக்கிறது என்றால் அந்த 1,600 யார் பையிலிருந்தும் போகவில்லை. அதை எடுத்துவிட்டால் S 1,400, சரியான லாட் 29,277-லிருந்து நேராக 20,000-க்கு இறங்கும். மாறாக மெஷின் ராத்திரி பகலாக நிரம்பி, இம்பெல்லர் போதாமல் பம்ப் விற்பனை தடைபடுகிறது என்றால் நின்ற ஒவ்வொரு மணி நேரமும் விற்காமல் போன பம்பின் லாபத்தை விழுங்குகிறது. அப்போது 1,600 என்பதே குறைவு. ஒரே யூனிட்டில், சீசனைப் பொறுத்து, இரண்டு பதிலுமே சரியாக இருக்கக்கூடும்.

h விஷயத்திலும் இதே அணுகுமுறைதான். 18 ரூபாய் பீஸுக்கு 20 சதவீதம் என்று போட்டுத்தான் 3.60 வந்திருக்கும் என்று நினைக்கிறேன். அந்த 18-இல் மெட்டீரியலும் கரண்ட்டும் இருக்கட்டும், ஆபீஸ் வாடகையின் பங்கு வேண்டாம். 20 சதவீதத்தில் பேங்க் சிசி வட்டி முதன்மையானது, அப்புறம் உடைசல், டிசைன் மாறினால் வீணாகும் சரக்கு. சொந்தக் கட்டடத்தில் இடம் சும்மா கிடந்தால் அதற்கு வாடகை சேர்க்காதீர்கள்.

p என்பதற்கு மெஷின் கேட்டலாக் வேகத்தைப் போடாதீர்கள். 36 விநாடி சைக்கிள், இரண்டு கேவிட்டி என்றால் மணிக்கு 200, 24 மணி நேரத்துக்கு 4,800. நீங்கள் சொல்லும் 4,000 என்பது நிற்கிற நேரம் போக வருகிற எண் என்று எடுத்துக்கொள்கிறேன். அதிலிருந்து ரிஜெக்ட்டையும் கழித்து, நல்ல பீஸ் எத்தனை என்பதைத்தான் p ஆக வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மெஷின் ஓடி அசெம்பிளி லீவு என்றால் d, p இரண்டையும் ஒரே வகை நாளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இங்கேதான் பலருக்கும் சறுக்கும்.

d/p 0.3 இருக்கும்வரை p-யில் கொஞ்சம் பிசகினாலும் பாதகமில்லை. தேவை 3,600-க்கு ஏறினால் நிலைமை வேறு: 1 − d/p என்பது 0.1 ஆகிவிடும், லாட் பழைய சூத்திரத்தின் விடையைப் போல மூன்று மடங்குக்கு மேல் போகும். அந்த நிலையில் உண்மையான p 3,800 மட்டுமே என்றால் 0.1 என்று நினைத்தது 0.053தான், லாட் மறுபடி எகிறும். அங்கே சூத்திரத்தை நம்பி லாட் போடாதீர்கள். அந்த மெஷினை அந்தப் பாகத்துக்கே விட்டுவிட்டு மோல்டை இறக்காமல் ஓட்டுவதுதான் வழி. d, p-யைத் தாண்டினால் எக்செல் `#NUM!` காட்டும். அதுவும் சரியான பதில்தான், அந்த மெஷினால் முடியாது என்கிறது.

இனி மற்ற இரண்டு மோல்டு. இதை நீங்கள் கடைசியில் போகிற போக்கில் சொன்னீர்கள், எனக்கென்னவோ உங்கள் உண்மையான பிரச்சினை இங்கேதான் என்று படுகிறது. ஒவ்வொரு மோல்டுக்கும் தனித்தனியாகச் சூத்திரம் போட்டால் ஒன்றுக்கு 24.4 நாள், ஒன்றுக்கு 23.6, ஒன்றுக்கு 28.9 என்று மூன்று சுற்று வரும். மெஷின் ஒன்றுதான். சீக்கிரமே ஒரு நாள் இரண்டு பாகமும் ஒரே நேரத்தில் தீர்ந்துபோய், இரண்டு அசெம்பிளி லைனும் ஒரே மெஷின் முன்னால் வந்து நிற்கும். அப்போது சூப்பர்வைசர் ஓடுகிற லாட்டை நடுவில் நிறுத்தி மோல்டை மாற்றுவார். போட்ட கணக்கெல்லாம் அன்றோடு சரி. லாட் புத்தகத்தில் பாதியில் நின்ற ஓட்டங்கள் அடிக்கடி தென்பட்டால் இதுதான் நோய் என்று தெரிந்துகொள்ளலாம்.

மூன்றுக்கும் ஒரே சுற்று வைத்துவிடுவது சுலபமான மருந்து. ஒவ்வொரு சுற்றிலும் மூன்று மோல்டும் ஒரு தடவை, ஒரே வரிசையில். சுற்றின் நீளம் வருடக் கணக்கில், Σ என்றால் மூன்று மோல்டுக்கும் சேர்த்துக் கூட்டியது:

```
T = √( 2·ΣS / Σ( h·D·(1 − d/p) ) )
```

உங்கள் மற்ற மோல்டுகளின் விவரம் என்னிடம் இல்லை, அதனால் ஊகமாக வைக்கிறேன், உங்கள் எண்களை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். டிஃப்யூசர்: நாள் தேவை 800, நாள் உற்பத்தி 3,200, S 2,500, h 4.50. அடுத்து ஒரு பெரிய கவர்: தேவை 600, உற்பத்தி 2,000, S 3,500, h 6. முதலில் மெஷின் தாங்குமா என்று பாருங்கள். d/p மூன்றையும் கூட்டினால் 0.30, 0.25, 0.30, ஆக 0.85. ஒன்றுக்குக் கீழே இருப்பதால் தப்பித்தோம், மீதமுள்ள 15 சதவீத நேரத்தில்தான் எல்லா மோல்டு மாற்றமும் பராமரிப்பும் அடங்க வேண்டும்.

சூத்திரம் 25.6 வேலை நாள் என்கிறது. 25 என்று வைத்துக்கொள்வோம், ஏறக்குறைய மாதம் ஒரு சுற்று. அப்படியானால் இம்பெல்லர் 30,000, டிஃப்யூசர் 20,000, கவர் 15,000. ஓட்ட நாட்கள் 7.5, 6.25, 7.5, மொத்தம் 21.25. சுற்றில் மீதி 3.75 நாள், நாளுக்கு 20 மணி நேர ஓட்டம் என்றால் 75 மணி நேரம். மூன்று மோல்டு மாற்றத்துக்கு நான்கு மணி வீதம் 12 மணி போனாலும் 63 மணி நேரம் கையில் நிற்கிறது. மோல்டைக் கழற்றிச் சுத்தம் செய்ய, ஹீட்டர் பேண்டு மாற்ற, கரண்ட் போனதில் விட்டதைப் பிடிக்க அது போதும்.

செலவைப் பாருங்கள். மூன்றையும் தனித்தனியாக, மோதலே இல்லாத கற்பனை உலகில் ஓட்டியிருந்தால் வருடத்துக்கு 2,10,160 ரூபாய். 25 நாள் பொதுச் சுற்றில் 2,11,050. வெறும் 900 ரூபாய் கூடக் கொடுத்து, மெஷின் முன்னால் நடக்கும் அத்தனை சண்டையையும் நிறுத்திவிடலாம். ஒரு பாகத்தின் தேவை மற்றவற்றைவிடப் பலமடங்கு அதிகமாகவோ குறைவாகவோ இருந்தால் பொதுச் சுற்று இவ்வளவு மலிவாக அமையாது. அப்போது அதிகம் போகும் பாகத்தை ஒரு சுற்றில் இரண்டு தடவை ஓட்ட வேண்டியிருக்கும்.

கையில் 63 மணி நேரம் நிற்பதால் S-க்குள் மெஷின் ஹவர் ரேட்டைச் சேர்க்க நியாயமில்லை என்பதையும் கவனியுங்கள். சுற்றைப் பாதியாக்கி 12.5 நாள் வைத்தாலும் 25 நாளில் ஆறு மாற்றத்துக்கு 24 மணி நேரம்தான் போகும், மெஷின் தாங்கும். ஆனால் S அப்படியே இருந்தால் செலவு 2,67,500-க்கு ஏறிவிடும். லாட்டைச் சின்னதாக்க வேண்டும் என்றால் முதலில் S-ஐக் குறைக்க வேண்டும். அது நான்கில் ஒன்றானால் லாட் பாதியாகும், ஏனென்றால் எல்லாம் வர்க்கமூலத்துக்குள் இருக்கிறது. டொயோட்டாவில் 1,000 டன் பிரஸ் ஒன்றின் டை மாற்றம் நான்கு மணி நேரம் எடுத்துக்கொண்டிருந்தது. அதை ஜப்பானியப் பொறியாளர் ஷிகேயோ ஷிங்கோ முதலில் ஒன்றரை மணி நேரமாகவும், பிறகு மூன்று நிமிடமாகவும் இறக்கினார். உங்களிடம் அவ்வளவு வேண்டாம். அடுத்த மோல்டை மெஷினுக்கு வெளியிலேயே சூடாக்கி வைப்பது, மெட்டீரியலை முன்கூட்டியே டிரையரில் உலர்த்தி வைப்பது, எல்லா மோல்டின் கிளாம்பு உயரத்தையும் ஒன்றாக்கிவிடுவது, இந்த மூன்றில் தொடங்குங்கள். ஆனால் மணி நேரம் குறைந்ததை மட்டும் வைத்து S குறைந்துவிட்டது என்று எழுதாதீர்கள். பர்ஜில் கொட்டும் மெட்டீரியலும் முதல் ஷாட் ரிஜெக்ட்டும் எவ்வளவு குறைந்தன என்று எடை போட்டுப் பாருங்கள், உங்கள் S-இல் காசாகப் போகிற பெரும்பங்கு அங்கேதான் இருக்கும்.